நாலு டிரம், எத்தனை ஆள்?

(ஒலி வடிவத்தில் வந்த பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு சின்ன கணக்கு. பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடீஸ் விதின்னு மனப்பாடம் பண்ணி, அஞ்சு மார்க் வாங்கி, அதோட விட்டிருப்போம். அந்த விதியை வைத்து ஒரு தெப்பத்தில் எத்தனை பேர் ஏறலாம்னு கேட்டால் உடனே ஒரு பதில் கிடைக்கும். அந்தப் பதிலை நம்பி ஏறினால் தண்ணிக்குள்ள போயிடுவோம். விதியில தப்பு கிடையாது, நாம கேட்ட கேள்வியில் பாதி விட்டுப்போயிருக்கு. விட்டுப்போன அந்தப் பாதிதான் இன்னைக்கு விஷயம்.

எனக்கு ஊர் நாட்றம்பள்ளி பக்கம். சென்னையில் இருக்கிறவங்களுக்கு: பெங்களூர் போற வழியில், ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி வரும். முன்னாடி வேலூர் மாவட்டம், 2019ல இருந்து திருப்பத்தூர் மாவட்டம். தோல் தொழில் நடக்கிற பகுதி. அதனால எங்க பக்கம் ஒரு பொருள் ரொம்ப சுலபமா கிடைக்கும்: நீலக்கலர் பிளாஸ்டிக் டிரம், 200 லிட்டர். தோல் ஷாப்புக்கு எண்ணெய், கெமிக்கல் எல்லாம் அதுல வரும். காலியானதும் காயலான் கடைக்குப் போகும், அங்கிருந்து வீட்டு மாடிக்கு, தண்ணி பிடிச்சு வைக்க. (உள்ளே என்ன இருந்ததுன்னு தெரியாத டிரம்மில் குடிதண்ணி பிடிக்காதீங்க. அது வேற எபிசோட்.)

2021 நவம்பர்ல பாலாறு எப்படி ஓடுச்சுன்னு செய்தியில பார்த்திருப்பீங்க. அந்த மழைக்கப்புறம் எங்க பக்கத்து ஏரிகளும் நிறைஞ்சுது. ஏரி நிறைஞ்சா சந்தோஷம்தான், ஆனா ஆகாயத்தாமரையும் சேர்ந்தே வரும். மதகுப் பக்கம் வந்து ஒதுங்கி அடைச்சுக்கும். அதை வாரிப் போடணும்னு என் சித்தப்பா பையனும் அவன் கூட்டாளிகளும் கிளம்பினாங்க. கரையில நின்னு கொக்கி போட்டு இழுத்தா எட்டுற தூரம்தான் வரும். அதனால டிரம்மை வச்சு ஒரு தெப்பம் கட்டலாம்னு யோசனை. நாலு டிரம், மூங்கில், மேல பலகை, நைலான் கயிறு.

டிரம் கொடுத்த கடைக்கார பாய்கிட்ட, "எத்தனை பேர் ஏறலாம் பாய்?"னு கேட்டிருக்கான். அவர் மனக்கணக்கிலேயே, "பத்து பேர் தாராளமா ஏறலாம் தம்பி"ன்னு சொல்லியிருக்கார். எனக்கு போன் வந்தது. "அண்ணா, பத்து பேர்னு சொல்றாரு, சரியா?"

பாய் சொன்னது எப்படி வந்ததுன்னு முதல்ல பார்ப்போம். ஏன்னா அது அடிச்சுவிட்ட பதில் இல்லை, ஒழுங்கான கணக்கு.

ஒரு பொருள் மிதக்கும்போது அது எவ்வளவு தண்ணியை ஒதுக்கித் தள்ளுதோ, அந்தத் தண்ணியோட எடையும் அந்தப் பொருளோட மொத்த எடையும் சமம். ஏரித்தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ. 200 லிட்டர் டிரம்மை மூடி போட்டு முழுசா தண்ணிக்குள்ள அமுக்கினா அது 200 லிட்டர் தண்ணியைத் தள்ளும். அப்போ 200 கிலோவைத் தாங்கும். நாலு டிரம்முக்கு 800 கிலோ.

இதுல தெப்பத்தோட சொந்த எடையைக் கழிக்கணும். பிளாஸ்டிக் டிரம் ஒண்ணு கிட்டத்தட்ட 10 கிலோன்னு வச்சுக்குவோம், நாலுக்கு 40. மூங்கில், பலகை, கயிறு எல்லாம் நனைஞ்ச பிறகு ஒரு 100 கிலோ. மொத்தம் 140. மிச்சம் 660 கிலோ. ஒரு ஆள் 65 கிலோன்னா பத்து பேர். பாய் கணக்கு சரியா வருது.

இப்போ அந்தப் பத்து பேர் ஏறின தெப்பத்தைக் கற்பனை பண்ணிப் பாருங்க. 140 கிலோ தெப்பம், 650 கிலோ ஆள், ஆக 790. தாங்கக்கூடியது 800. கையில மிச்சம் இருப்பது 10 கிலோ. டிரம் நாலும் தண்ணிக்குள்ள போயாச்சு, மேல ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் தெரியும். யாராவது தும்மினாக்கூட ஒரு மூலை முங்கும். இது மிதக்குது, வாஸ்தவம். ஆனா பத்து பேரும் மூச்சுவிடாம, ஆடாம, சமமா பரவி நின்னா மட்டும் மிதக்குது. பத்து பேர் சேர்ந்த இடத்தில் அப்படி நிக்கிறது நடக்குமா?

அதனால 800 கிலோ என்பது சுமை அளவு இல்லை. அது தெப்பம் முங்குற எல்லை. அங்கிருந்து எவ்வளவு பின்னாடி நிக்கணும் என்பதுதான் நிஜக் கேள்வி.

எவ்வளவு பின்னாடி? என் தம்பிகிட்ட நான் சொன்னது: பாதி. டிரம்மைப் படுக்க வச்சுக் கட்டினா, தண்ணி மட்டம் டிரம்மோட வயிற்றுக்கு நடுவுல இருக்கணும், அதுக்கு மேல ஏறக்கூடாது. இது ஏதோ பயத்துல சொன்ன பாதி இல்லை. டிரம்மோட உருவத்துலயே அதுக்குக் காரணம் இருக்கு.

படுத்திருக்கிற டிரம்மை முன்னாடி இருந்து பார்த்தா வட்டம். குறுக்களவு சுமார் 57 சென்டிமீட்டர். கீழ குறுகல், நடுவுல அகலம், மேல மறுபடி குறுகல். தெப்பம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினா எவ்வளவு எடையைக் கூடுதலா தாங்கும் என்பது, தண்ணி மட்டத்துல டிரம் எவ்வளவு அகலமா இருக்கு என்பதைப் பொறுத்தது. நடுவயிற்றுல அது அதிகபட்சம்: நாலு டிரம்முக்கும் சேர்த்து ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 18 கிலோ. பாதியைத் தாண்டினதும் அகலம் குறைய ஆரம்பிக்கும். அதாவது சுமை ஏற ஏற, தெப்பம் எதிர்த்து நிக்கிற பலம் குறைஞ்சுகிட்டே போகும். நாலாவது ஆள் ஏறும்போது தெப்பம் மூணரை சென்டிமீட்டர் இறங்கும். பத்தாவது ஆள், அதே 65 கிலோ, ஏறும்போது ஆறு சென்டிமீட்டர் இறங்கும். கடைசியில வர்றவருக்கு அதிகமா முங்குது. கஷ்ட நேரத்துல கைவிடுற மாதிரியான அமைப்பு இது.

சரி, பாதின்னா 400 கிலோ. தெப்பம் 140 போக 260. நாலு பேர். பத்துன்னு ஆரம்பிச்சு நாலுக்கு வந்தாச்சு. தம்பி, "என்னண்ணா இது, டிரம்முக்கு ஒரு ஆளா?"ன்னான். ஆமாம். 200 லிட்டர் டிரம், படுக்க வச்சுக் கட்டினா, டிரம்முக்கு ஒரு ஆள். நினைவுல வச்சுக்க சுலபமான கணக்கு.

ஆனா இது இன்னும் முடியலை. இதுவரைக்கும் எல்லாரும் சமமா பரவி நிக்கிறதாத்தான் கணக்குப் போட்டோம். ஜனங்க அப்படி நிக்கமாட்டாங்க. ஒருத்தன் "டேய், பாம்புடா!"ன்னு கத்தினா என்ன ஆகும்? இந்தப் பக்கம் பாம்புன்னா எல்லாரும் அந்தப் பக்கம். மீன்னா எல்லாரும் இந்தப் பக்கம். எப்படியும் ஒரே பக்கம்.

இதுக்கு ஒரு பெரிய உதாரணம் தேக்கடி. 2009 செப்டம்பர் 30. ஜலகன்யகான்னு இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு. கரையில விலங்குகள் தெரிஞ்சதும் பயணிகள் அதைப் பார்க்க ஒரு பக்கமா நகர்ந்தாங்க, படகு சாய்ஞ்சு கவிழ்ந்துதுன்னு அப்போ செய்தி வந்தது. 45 பேர் இறந்தாங்க. அந்தப் படகு அமைப்புல வேற பிரச்சனைகளும் பேசப்பட்டது, அதுக்குள்ள நான் போகலை. நமக்கு வேண்டியது அந்த ஒரு நகர்வு மட்டும். மேல இருந்த மொத்த எடையில ஒரு கிலோகூட அந்த நிமிஷத்துல கூடலை. எடை இடம் மாறியது, அவ்வளவுதான்.

நம்ம தெப்பத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். இடது பக்கம் ரெண்டு டிரம் வரிசையா, வலது பக்கம் ரெண்டு டிரம் வரிசையா. ரெண்டு வரிசைக்கும் நடுவுல, டிரம் மையத்திலிருந்து மையம் வரை 1.2 மீட்டர். ஒவ்வொரு பக்கமும் தாங்கக்கூடியது 400 கிலோ. தெப்பத்தோட சொந்த எடையில ஆளுக்குப் பாதி, 70 கிலோ, ரெண்டு பக்கமும் எப்பவும் இருக்கும்.

நாலு பேரும் வலது பக்க டிரம் மேல போய் நின்னா? 70 கூட 260, 330 கிலோ. 400க்குள்ள இருக்கு, முங்கலை. ஆனா வலது பக்கம் ஆழமா இறங்கும், இடது பக்கம் மேல தூக்கும். ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல சுமார் 31 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் வரும். 1.2 மீட்டருக்கு 31 சென்டிமீட்டர்னா 14 டிகிரி சரிவு. ஈரப் பலகையில 14 டிகிரின்னா கால் வழுக்கும்.

அஞ்சு பேர் போனா 395 கிலோ. இன்னும் 5 கிலோதான் பாக்கி. ஆறு பேர் போனா 460. அந்தப் பக்கம் முழுசா முங்கிடும், இந்தப் பக்கம் எழும்பும், தெப்பம் புரளும். கவனிங்க: ஆறு பேர் சமமா நின்னா இதே தெப்பத்துல மூணுல ரெண்டு பங்குதான் முங்கியிருக்கும். கரையில இருந்து பார்க்கிறவங்களுக்கு ரொம்ப பத்திரமா தெரியும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவாங்க. அதே ஆறு பேர் ஒரு பக்கம் ரெண்டடி நகர்ந்தா முடிஞ்சது. சின்னப் படகு, தெப்பம் எதுவா இருந்தாலும் நான் முதல்ல கேட்கிற கேள்வி இதுதான்: எல்லாரும் ஒரே ஓரத்துக்கு வந்தா தாங்குமா?

இதுல இன்னொரு சங்கதி இருக்கு. பலகையை டிரம்மோட வெளி விளிம்பு வரைக்கும் போட்டா, ஆள் டிரம் மையத்துக்கும் வெளியே போய் நிக்க முடியும். மையத்தைத் தாண்டி ஒரு 25 சென்டிமீட்டர் வெளியே நாலு பேர் நின்னா, தராசுல கோலின் நுனிக்குப் போன மாதிரி. அவங்க 260 கிலோ அந்தப் பக்க டிரம்முக்கு 314 கிலோவா விழும். 70ஐச் சேர்த்தா 384. எதிர்ப்பக்கத்தைத் தண்ணியை விட்டே தூக்கப்பார்க்கும். நின்னுகிட்டிருந்தா இன்னும் மோசம். நிக்கிற ஆளோட எடை இடுப்பு உயரத்துல, கிட்டத்தட்ட பலகைக்கு ஒரு மீட்டர் மேல இருக்கு. 14 டிகிரி சாய்ஞ்சா அந்த எடை 24 சென்டிமீட்டர் தானாவே வெளியே போயிடும். உட்கார்ந்திருந்தா அதுல கால்வாசிதான் போகும். படகுக்காரர் "உட்காருங்க, உட்காருங்க"ன்னு கத்துறது இதுக்குத்தான்.

அப்போ என்ன பண்ணலாம்? அஞ்சாவது, ஆறாவது டிரம் வாங்கலாம். ஆனா காசு செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. டிரம் வரிசை ரெண்டையும் இன்னும் விலக்கிக் கட்டுறது. மூங்கிலை நீளமா போட்டு, மையத்திலிருந்து மையம் 1.8 மீட்டர் வரைக்கும் தள்ளிட்டோம். பலகையை மட்டும் நடுவுல பழைய 1.2 மீட்டர் அகலத்துக்கே போட்டோம். டிரம் மேல பலகை கிடையாது, அதனால அங்க யாரும் போய் நிக்க முடியாது. இப்போ நாலு பேரும் பலகையோட ஓரத்துக்கு வந்தாலும், அவங்க எடையில ஆறுல அஞ்சு பங்குதான் அந்தப் பக்க டிரம்முக்குப் போகும், மிச்சம் எதிர்ப்பக்கத்துக்கு. சரிவு 14 டிகிரியில இருந்து 6 டிகிரிக்கு வந்திடும். டிரம் அதேதான், ஆளும் அதேதான். மீனவர்கள் படகுக்குப் பக்கத்துல விலக்கிக் கட்டுற மிதவை, ரெண்டு ஓடு போட்ட படகு எல்லாத்துக்கும் பின்னாடி இந்தத் தராசுதான்.

அடுத்தது ஆகாயத்தாமரை. இதை யாரும் யோசிக்கலை. தம்பியோட திட்டம், வாரி வாரி தெப்பத்து மேல போட்டு, நிறைஞ்சதும் கரைக்குக் கொண்டுவரணும். ஆகாயத்தாமரை தண்ணியில மிதக்கும்போது பிடிச்சு இழுத்துப் பாருங்க, எடையே தெரியாது. ஏன்னா அதோட எடையை ஏரி தாங்கிட்டிருக்கு. அதைத் தூக்கிப் பலகை மேல போட்ட நிமிஷம், அதோட முழு எடையும் நம்ம டிரம் தலையில. செடியில தொண்ணூறு சதவீதத்துக்கு மேல தண்ணி, வேர்ல ஒட்டின தண்ணி, சேறு வேற. ஒரு ஆள் உயரத்துக்குக் குவிச்சா, அந்தக் குவியல் எத்தனை ஆள் எடை இருக்கும்னு யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு வாரறது எப்பவும் ஒரே ஓரத்துல இருந்துதான்.

அதனால செடியைத் தெப்பத்து மேல ஏத்தாம, கயிறு போட்டு வளைச்சு, மிதக்கிற மிதப்புலயே கரைக்கு இழுத்துட்டு வரலாம்னு முடிவாச்சு. தெப்பத்து மேல மூணு பேர். நாலாவது ஆளோட இடம், கொக்கி, கத்தி, தப்பித்தவறி மேல வந்து விழுற செடிக்கு.

இதே கணக்கு மனுஷனுக்கும் பொருந்தும். தண்ணிக்குள்ள கழுத்து வரைக்கும் இருக்கிற ஆள் தெப்பத்தைப் பிடிச்சுக்கிட்டா, தெப்பத்துக்கு ஏறக்குறைய சுமையே இல்லை. அவர் தலை, கை எடை மட்டும்தான். அவரே பக்கவாட்டுல இருந்து தாவி ஏறினா, 65 கிலோவும் விளிம்புல, மையத்துக்கு வெளியே, ஒரே அழுத்தா விழும். அவரைக் கைகொடுத்துத் தூக்க மேல இருக்கிற ரெண்டு பேரும் அதே ஓரத்துக்கு வருவாங்க. வெள்ளத்துல ஆட்களை ஏத்தும்போது தெப்பம் கவிழ்றது பெரும்பாலும் இந்த நேரத்துலதான். 2015 டிசம்பர்ல சென்னையில தெருவுக்குத் தெரு டிரம், டியூப், தெர்மாக்கோல்னு கைக்குக் கிடைச்சதை எல்லாம் கட்டி மிதக்க விட்டோமே, அப்போ பார்த்தவங்களுக்குப் புரியும். ஆழம் இல்லாத தெருவுல பரவாயில்லை, விழுந்தாலும் நிக்கலாம். ஏரியில அப்படி இல்லை. ஆளை ரெண்டு டிரம் வரிசைக்கும் நடுவுல, முன்பக்கமா ஏத்தணும். ஒருத்தர் இழுக்கும்போது மத்தவங்க பின்பக்கம் உட்காரணும். பத்து பேரைக் காப்பாத்தணும்னா நாலு பேரை மேல வச்சு, மத்தவங்களைச் சுத்தியும் பிடிச்சுக்கச் சொல்லி, கரைக்கு நகர்த்தறது ஒரு வழி. பத்து பேரையும் மேல ஏத்தறது வழி இல்லை.

கட்டி முடிச்சாச்சு. கணக்கு சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கறது? தராசு தேவையில்லை, தெப்பமே தராசு. டிரம்மோட பக்கத்துல அடியில இருந்து அளந்து பெயின்ட்ல கோடு போட்டுக்கங்க: 13 சென்டிமீட்டர்ல ஒண்ணு, நடுவயிற்றுல, அதாவது இருபத்தெட்டரையில ஒண்ணு. ஆள் ஏறாத தெப்பம் 13 சென்டிமீட்டர்ல மிதக்கணும். ஒவ்வொரு ஆளுக்கும் நாலு சென்டிமீட்டர் சுமாரா இறங்கும். நாலு பேர் ஏறினா நடுக்கோடு. கோடு மறைஞ்சா ஒருத்தர் இறங்கணும், பேச்சே இல்லை. கப்பல்ல இதே மாதிரி பக்கவாட்டுல போடற சுமைக் கோட்டுக்கு பிளிம்சால் கோடுன்னு பேர். சாமுவேல் பிளிம்சால்னு ஒரு பிரிட்டிஷ் எம்.பி. போராடி, 1876ல அதைச் சட்டமாக்கினார். அதிகச் சுமை ஏத்தி, இன்சூரன்ஸ் பண்ணி, கடலுக்கு அனுப்பின கப்பல்களுக்கு எதிரா அந்தச் சட்டம். நம்ம ஊர் டிரம்முக்குச் சட்டம் கிடையாது, ஒரு டப்பா பெயின்ட் போதும்.

அந்தக் கோடு இன்னொரு வேலையும் செய்யும். ஆள் ஏறாமலே தெப்பம் 13க்குப் பதிலா 17ல மிதந்தா, ஒண்ணு மரம் நாம நினைச்சதை விட கனமா இருக்கணும், இல்லை டிரம்முக்குள்ள தண்ணி போயிருக்கணும். நாலு மூலையில ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தா சந்தேகமே இல்லை, அந்த டிரம் ஒழுகுது. டிரம்முக்குள்ள போற ஒவ்வொரு லிட்டரும் நம்ம கணக்குல ஒரு கிலோவைத் தின்னும். அரை டிரம் தண்ணி போனா ஒன்றரை ஆள் எடை கூடிப்போச்சு. அதைவிட மோசம், அந்தத் தண்ணி உள்ள நிக்காது. தெப்பம் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் ஓடும்.

டிரம் வாங்கும்போது ரெண்டு வகை இருக்கும். மேல்மூடி முழுசா கழண்டு, இரும்பு வளையம் போட்டு இறுக்கறது ஒண்ணு. மேல ரெண்டு சின்னத் திருகுமூடி மட்டும் இருக்கிறது இன்னொண்ணு. தெப்பத்துக்கு ரெண்டாவதுதான். முதல் வகையில அவ்வளவு பெரிய வாய் முழுக்கத் தண்ணி புகாம இருக்கணும், வளையம் கொஞ்சம் நெளிஞ்சிருந்தாலும் ஒழுகும். திருகுமூடியிலயும் ரப்பர் வாஷர் இருக்கான்னு பாருங்க, காயலான் கடைக்கு வர்றதுக்குள்ள பாதி டிரம்முல அது காணாமப்போயிருக்கும். மூடி ரெண்டும் மேலும் கீழும் இல்லாம, ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல வர்ற மாதிரி திருப்பிக் கட்டினா பாதி தொல்லை போச்சு. ஆனா அப்போ வாய் நடு உயரத்துல வரும், ஆள் ஏறினதும் அலை அடிக்கிற இடம் அதுதான்.

இதுல வேடிக்கையான ஒரு விஷயம். மூடியை எந்த நேரத்துல இறுக்கறோம் என்பதும் முக்கியம். நம்ம ஊர் வெயில்ல மத்தியானம் நீலக்கலர் டிரம்மை வெளியில வச்சா உள்ள காத்து நல்லா சூடாகி விரிஞ்சிருக்கும். அப்போ மூடியை இறுக்கி ஏரியில இறக்கினா, காத்து குளிர்ந்து சுருங்கும், டிரம் வெளியில இருக்கிறதை உள்ள உறிஞ்சும். மூடியில கொஞ்சம் இடம் இருந்தா தண்ணியை உறிஞ்சும். இடமே இல்லைன்னா டிரம் ஒடுக்கு விழும், ஒடுக்கு விழுந்தா கொள்ளளவு குறையும். விடியக்காலைக் குளிர்ல இறுக்கினா இந்தப் பிரச்சனை இல்லை, அதுக்கப்புறம் வெயில்ல உள்ள காத்து வெளியே தள்ளத்தான் பார்க்கும்.

கட்டின தெப்பத்தை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணியில கட்டிப்போட்டு, காலையில கோட்டைப் பார்க்கணும். எங்க ஆளுங்க அப்படிப் பார்த்ததுல பின்பக்க இடது மூலை ரெண்டு விரல் இறங்கியிருந்தது. டிரம்மைக் கழட்டிக் கவுத்தா தண்ணி கொட்டுச்சு. மூடியில வாஷர் இல்லை. சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போட்டாங்க. அடுத்த நாள் காலையில நாலு மூலையும் ஒரே மட்டம்.

"அப்போ பரிசல்லயும் இதே கணக்குதானே?"ன்னு தம்பி கேட்டான். எங்க ஊர்ல இருந்து ஒகேனக்கல் அப்படி ஒண்ணும் தூரமில்லை, எல்லாரும் போயிருப்போம். முன்னாடி மூங்கில் கூடையில மாட்டுத்தோலை இழுத்துக் கட்டித்தான் பரிசல் செய்வாங்க, இப்போ பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். தோல் ஊர்க்காரன் என்கிற முறையில அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். விதி பரிசலுக்கும் அதே விதி: தள்ளின தண்ணியோட எடை. ஆனா முங்குற விதம் வேற. டிரம்முல காத்து மூடிக்குள்ள அடைபட்டிருக்கு. தெப்பம் முங்கினாலும், ஆள் தண்ணிக்குள்ள விழுந்ததும் அது மறுபடி மேல வரும், பிடிச்சுக்கலாம். பரிசல் வாய் திறந்த பாத்திரம். விளிம்பு ஒரு இடத்துல தண்ணிக்குக் கீழ போனா, தண்ணி உள்ள கொட்டும், கொட்டின தண்ணி சாய்ஞ்ச பக்கமே தேங்கும், அது இன்னும் சாய்க்கும். சில நொடியில மொத்த மிதப்பும் போயிடும். அதனால பரிசல்ல தண்ணி மட்டத்துக்கும் விளிம்புக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கு என்பதைத்தான் பார்க்கணும். அதுவும் எல்லாரும் ஒழுங்கா உட்கார்ந்திருக்கும்போது பார்த்தா போதாது. பரிசலோட்டி துடுப்பு போட ஒரு ஓரமா குனிவார், அப்போ அந்த ஓரத்துல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாருங்க. ஒரு சாண் இல்லைன்னா நான் அடுத்த பரிசலுக்குக் காத்திருப்பேன்.

தம்பியோட தெப்பம் மூணு ஆளோட ஏறக்குறைய பத்து நாள் வேலை செஞ்சுது. மதகு வாய் திறந்தது. அதுக்கப்புறம் தெப்பத்தைப் பிரிச்சாங்க. டிரம் நாலையும் திரும்ப எடுத்துக்கிறியான்னு பாய்கிட்ட கேட்டதுக்கு, "பெயின்ட் கோடு போட்டு வச்சிருக்கீங்களே தம்பி"ன்னு விலையில பத்து ரூபா குறைச்சுக்கிட்டாராம்.